முட்டையைக் கழுவுவதற்கு முன்

சென்ற கோடையில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார். நூற்று எண்பது நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறார். நாளுக்கு எழுபது முட்டை வரை கிடைக்கிறது. நகரத்தில் ஒரு கடைக்குக் கொடுக்கிறார். "முட்டையெல்லாம் கூமுட்டையாப் போகுதுங்க சார். ஆறு நாள்ல நாறுதுன்னு கடைக்காரரு திருப்பி அனுப்புறாரு. தீவனத்துல கோளாறா, வெயிலா?" என்று கேட்டார்.

நான் உழவியல் படித்தவன்; கோழி என் பாடமில்லை. ஆனால் ஒருங்கிணைந்த பண்ணையம் என்று இறங்கிவிட்டால் ஆடு, கோழி, மீன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் போனேன். தீவனத்தில் குறையில்லை. கொட்டகை காற்றோட்டமாக இருந்தது. திண்ணை ஓரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி. அதன் உள்விளிம்பில் செங்கல் நிறத்தில் துருக்கறை. "இது எதுக்கும்மா?" என்றேன். முட்டை கழுவத்தான் என்றார். எச்சம் ஒட்டிய முட்டை வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதிலிருந்து, தினமும் மாலையில் அன்றைய முட்டைகளை போர் தண்ணீரில் துளி சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து அடுக்குகிறார். முட்டைகள் பளபளவென்று இருந்தன. கோளாறு அந்தப் பளபளப்பில்தான் இருந்தது.

கோழி முட்டையிட்டவுடன் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், ஓடு சற்று ஈரமாக, வழுக்கலாக இருக்கும். சில நிமிடங்களில் உலர்ந்து மங்கலான மேற்பரப்பாக மாறிவிடும். அந்த ஈரம்தான் மேல்பூச்சு. ஓடு உருவாகும் கருப்பைப் பகுதியில், முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஓரிரண்டு மணி நேரத்தில், கடைசி வேலையாகக் கோழி இதைப் பூசி அனுப்புகிறது. பலர் இதை மெழுகு என்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி புரதம். கொஞ்சம் சர்க்கரைப் பொருளும் கொழுப்பும் கலந்திருக்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். பழுப்பு முட்டையிடும் கோழியில் நிறமியின் ஒரு பகுதியும் இந்தப் பூச்சில் இருக்கிறது. அப்போதுதான் இட்ட பழுப்பு முட்டையை ஈர விரலால் அழுத்தித் தேய்த்தால் நிறம் விரலில் ஒட்டுவது அதனால்தான்.

இந்தப் பூச்சு எதற்கு? முட்டை ஓடு பார்க்கக் கல் போல இருந்தாலும் அது சல்லடை. ஒரு கோழி முட்டையில் ஏழாயிரத்திலிருந்து பதினேழாயிரம் வரை நுண்துளைகள் உண்டு. உள்ளே வளரப்போகும் குஞ்சுக்கு ஆக்சிஜன் போகவும், கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறவும் அவை வேண்டும். ஆனால் காற்று போகும் வழியில் பாக்டீரியாவும் போக முடியும். மேல்பூச்சு அந்தத் துளைகளின் வாயை மூடி நிற்கிறது. காற்றை விடும், தண்ணீரையும் கிருமியையும் தடுக்கும். எல்லா முட்டையிலும் இது முழுமையாக இருப்பதில்லை; வயதான கோழியின் முட்டையில் பூச்சு குறைவாக இருக்கலாம். நாள் ஆக ஆக அது உலர்ந்து வெடிப்பும் விடும். ஆனாலும் முட்டையின் முதல் வேலி இதுதான்.

கழுவும்போது இந்த வேலிக்கு என்ன ஆகிறது? தண்ணீரை மேலே ஊற்றி எடுத்தால் முழுவதும் போய்விடாது. சோப்பும் காரமும் சேர்ந்து, ஊறி, நாரால் தேய்த்தால் போய்விடும். அந்த அம்மாவின் தொட்டியில் மூன்றும் நடந்தன. ஆனால் வேலியை எடுத்ததோடு கதை முடியவில்லை. அதைவிடப் பெரிய தவறு தண்ணீரின் சூட்டில் இருந்தது.

கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவு. முட்டை வெளிவந்து ஆறும்போது உள்ளே இருக்கும் பொருள் சுருங்குகிறது, ஓடு சுருங்குவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வெளிக்காற்று துளைகள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அகன்ற முனையில் நாம் பார்க்கும் காற்றறை இப்படித்தான் பிறக்கிறது. இப்போது அந்த ஏப்ரல் மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் கிடந்த முட்டையின் சூடு 34 டிகிரி. நிழலில் இருந்த தொட்டித் தண்ணீர் 26 டிகிரி. முட்டைக்குள் ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் திரவம் இருக்கிறது. எட்டு டிகிரி குறையும்போது தண்ணீர் சுருங்கும் கணக்கை வைத்துப் பார்த்தால் 0.1 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமாகச் சுருங்க வேண்டும். அதாவது இரண்டு துளிக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டு துளி இடத்தை நிரப்ப முட்டை வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். காற்றில் ஆறினால் காற்றை இழுக்கும். தொட்டியில் மூழ்கி ஆறினால் தொட்டியில் இருப்பதை இழுக்கும். அதில் எழுபது முட்டையின் எச்சம் கரைந்திருக்கிறது. பூச்சும் ஊறித் தளர்ந்திருக்கிறது. ஒரு முட்டையின் அழுக்கு மற்ற அறுபத்தொன்பதுக்கும் போய்ச் சேர இதைவிட நல்ல வழி கிடையாது.

உள்ளே போன கிருமி உடனே வென்றுவிடாது. ஓட்டுக்குக் கீழே இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. வெள்ளைக்கரு ஒரு விரோதமான இடம். நாள் ஆக ஆக அதன் காரத்தன்மை கூடும். அதில் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் இருக்கிறது. ஓவோட்ரான்ஸ்ஃபெரின் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. அது இரும்பை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு கிடைக்காத பாக்டீரியா பெருக முடியாமல் பட்டினி கிடக்கும். இந்த இடத்தில்தான் தொட்டியின் துருக்கறை எனக்கு முக்கியமாகப் பட்டது. இரும்பு மிகுந்த தண்ணீர் துளை வழியாக உள்ளே போனால், அந்தப் புரதம் பிடிக்கக்கூடிய அளவை அந்த இரும்பே நிரப்பிவிடும். காவல் போய்விடும். அமெரிக்க வேளாண் துறை முட்டை கழுவும் தண்ணீரில் இரும்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான். குடத்தில் பிடித்து வைத்த சிறிது நேரத்தில் பழுப்பேறும் போர் தண்ணீர் பல ஊர்களில் உண்டு. அந்தத் தண்ணீரில் முட்டையைக் கழுவுவது, கழுவாமல் விடுவதைவிட மோசம்.

ஆனால் காரணம் இதுதான் என்று சொல்லும் முன் வேறொன்றை விலக்க வேண்டியிருந்தது. அவர் மந்தையில் சேவல்கள் உண்டு. கருவுற்ற முட்டை கோடை வெயிலில் கிடந்தால் அடை வைக்காமலேயே கரு வளரத் தொடங்கிப் பிறகு செத்துப்போகும். அதையும் கூமுட்டை என்றுதான் சொல்வோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு டார்ச் விளக்கு போதும். இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் விளக்கை வைத்துப் பாருங்கள். கரு வளர்ந்து செத்திருந்தால் சிவந்த வளையமோ நரம்புக் கோடுகளோ தெரியும். பாக்டீரியா அழுகலில் வளையம் இருக்காது. உள்ளே கலங்கலாக, சில சமயம் முழுக்கக் கறுப்பாக இருக்கும். உடைத்தால் இன்னும் தெளிவு. சூடோமோனாஸ் என்ற தண்ணீர்க் கிருமி புகுந்திருந்தால் வெள்ளைக்கரு நீர்த்துப் பச்சை நிறம் தட்டும். இந்தக் கிருமிக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு: வெள்ளைக்கருவின் புரதத்திடமிருந்து இரும்பைப் பறித்துவரத் தானே ஒரு பொருளைச் சுரக்கும். அந்தப் பொருளின் நிறம்தான் அந்தப் பச்சை. கந்தக நாற்றத்தோடு கறுத்துப்போனால் புரோட்டியஸ் போன்ற வேறு கிருமிகள். திரும்பி வந்த தட்டிலிருந்து பத்து முட்டையைக் கொல்லைப்புறத்தில் உடைத்தோம். ஒன்றில் மட்டும் இரத்த வளையம். ஏழில் பச்சை அல்லது கறுப்பு. இரண்டு நன்றாக இருந்தன. தண்ணீர்க் கிருமி வென்றிருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அவர் விடவில்லை. "அமெரிக்காவுல எல்லா முட்டையும் கழுவித்தான் விக்கறாங்கன்னு என் பையன் சொல்றானே சார்" என்றார். பையன் சொன்னது சரிதான். அவன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான்.

அமெரிக்கப் பெரிய பண்ணைகளில் முட்டை கழுவப்படுகிறது. ஆனால் தொட்டியில் ஊறவைப்பது அங்கே அனுமதியில்லை. பட்டையில் உருண்டு வரும் முட்டையின் மேல் நீர் பீய்ச்சப்படுகிறது; தூரிகைகள் தேய்க்கின்றன. தண்ணீர் குறைந்தது 32 டிகிரியும், முட்டையின் சூட்டைவிடக் குறைந்தது 11 டிகிரி அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் காரணம் புரியும். தண்ணீர் முட்டையைவிடச் சூடாக இருந்தால் உள்ளே இருப்பது விரிகிறது. துளைகளில் வெளிநோக்கித் தள்ளல் இருக்கிறது. எதையும் உள்ளே இழுக்காது. கழுவும் தண்ணீரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பிறகு, கழுவிய நீரைவிடச் சற்றுச் சூடான நீரில், அளவான குளோரின் கலந்து அலசுகிறார்கள். ஈரமில்லாமல் உலர்த்துகிறார்கள். அதன் பிறகுதான் பெட்டிக்குள் போகிறது.

அதோடு நிற்கவில்லை. பூச்சை இழந்த முட்டைக்கு வேறு வேலி வேண்டும். அந்த வேலி குளிர். அமெரிக்க விதிப்படி பண்ணையில் முட்டையிட்ட 36 மணி நேரத்துக்குள் அது 7 டிகிரி அல்லது அதற்குக் கீழான அறைக்குப் போயிருக்க வேண்டும். லாரியிலும் கிடங்கிலும் கடையிலும் அதே குளிர். சால்மோனெல்லா அந்த வெப்பநிலையில் பெருகாது என்றே சொல்லலாம். வீட்டுக்கு வந்தபின் குளிர்பெட்டியில் மூன்றிலிருந்து ஐந்து வாரம் வைக்கலாம். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று மக்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, அமெரிக்கர்கள் முட்டையைக் கழுவுகிறார்கள் என்பது பாதி வாக்கியம். கழுவி, பண்ணையிலிருந்து சமையலறை வரை ஒரு கண்ணிகூட அறாமல் குளிரில் வைக்கிறார்கள் என்பதே முழு வாக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியம் நேர் எதிராகப் போனது. அங்கே ஏ வகுப்பு முட்டை, அதாவது வீடுகளுக்கு ஓட்டோடு விற்கும் முட்டை, தரம் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் கழுவப்படக் கூடாது. கழுவினால் அது ஏ வகுப்பு அல்ல. பழைய வழக்கத்தின் பேரில் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் சில நிலையங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எச்சம் ஒட்டிய முட்டை என்னவாகும்? மதிப்புக் குறைந்து தொழிற்சாலைக்குப் போகும். அங்கே உடைத்துச் சூடுபடுத்திக் கிருமி நீக்கிப் பயன்படுத்துவார்கள். விலை குறைவு என்பதால் பண்ணையாளர் முட்டையே அழுக்காகாமல் பார்த்துக்கொள்கிறார். கழுவ அனுமதித்தால் கொட்டகையைச் சுத்தமாக வைக்க அவருக்கு அவசியம் இருக்காது என்பது ஐரோப்பிய வாதம். எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது.

குளிரையும் அங்கே தவிர்க்கிறார்கள். கடைக்குப் போகும் முன் ஏ வகுப்பு முட்டையை 5 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கக் கூடாது. காரணம் நம் ஊருக்கு இன்னும் பொருந்தும். குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்து வைத்தால் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படியும், குளிர்ந்த சோடா பாட்டில் வியர்ப்பது போல. ஓட்டின் மேல் உலர்ந்து கிடந்த பாக்டீரியாவுக்கு அது தண்ணீர்ப் பந்தல். நனைந்த பூச்சு வழியாக அவை உள்ளே நீந்தும். ஆகவே ஐரோப்பியக் கடையில் முட்டை சாதாரண அலமாரியில் இருக்கும். பெட்டியில் முட்டையிட்ட நாளிலிருந்து 28 நாள் என்ற தேதி இருக்கும். வாங்கியவர் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்வார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூச்சு தடுப்பது வெளியிலிருந்து வரும் கிருமியை மட்டுமே. சால்மோனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை கோழியின் கருவகத்திலேயே குடியேறி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். கழுவினாலும் கழுவாவிட்டாலும் அது உள்ளேதான் இருக்கும். 1988 டிசம்பரில் பிரிட்டனில் ஒரு இளநிலை அமைச்சர் நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் இந்தக் கிருமி இருப்பதாகப் பேசி, விற்பனை சரிந்து, அவர் பதவியே போனது. அங்கே நிலைமையைத் திருப்பியதில் கழுவலுக்கு இடமில்லை. 1990களின் இறுதியில் சிங்கமுத்திரை முட்டைத் திட்டத்தில் கோழிகளுக்குப் போட்ட தடுப்பூசிக்கே அதில் பெரும் பங்கு. 2017-ல் அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் முதியவர்களும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை சொல்லும் அளவுக்கு வந்தது. நம் முட்டைக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஜப்பானியர்கள் முட்டையைப் பச்சையாகச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுபவர்கள். அவர்களும் கழுவிக் கிருமிநீக்கம் செய்கிறார்கள். பெட்டியில் போடும் தேதி பச்சையாகச் சாப்பிடத்தக்க கடைசி நாள். அதற்குப் பிறகு வேகவைத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். வீட்டில் 10 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள்.

இப்போது நம் ஊர். நாமக்கல்லில் இருந்து முப்பது முட்டை அட்டைகளில் லாரியேறிக் கேரளாவுக்கும் சென்னைக்கும் போகும் முட்டைகள் பெரும்பாலும் கழுவப்படாதவை; சாதாரண வெப்பத்தில்தான் பயணிக்கின்றன. எந்தச் சட்டமும் சொல்லாமலே நாம் ஐரோப்பிய வழியில் போகிறோம். இதை வைத்து "ஐரோப்பாவிலேயே குளிர்பெட்டி இல்லை, நமக்கு எதற்கு" என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கடையின் உள்ளே 20 டிகிரி. நம் மளிகைக் கடையில் மே மாதம் 36 டிகிரி. கழுவாத முட்டையும் அந்தச் சூட்டில் வேகமாகத் தளரும்: வெள்ளைக்கரு நீர்த்துப்போகும், காற்றறை பெருகும், மஞ்சள்கருவைச் சுற்றிய சவ்வு பலவீனமாகி அதிலிருந்து இரும்பும் சத்தும் வெள்ளைக்கருவுக்குக் கசியும். கசிந்தபின் பட்டினி கிடந்த கிருமிக்கு விருந்து. அந்த 28 நாள் கணக்கு நம் கோடைக்குச் செல்லாது. கழுவாத முட்டையைக் கோடையில் வெளியே வைத்தால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்பதே நான் சொல்வது.

இரண்டு முறையும் தனித்தனியே ஓடக்கூடியவை. இரண்டையும் பாதிப் பாதி கலந்தால்தான் கெடும். கழுவிவிட்டு வெளியே வைப்பது முதல் கலவை. ஈரோட்டு அம்மாவுக்கு நடந்தது அதுதான். குளிரில் வைத்துப் பிறகு வெளியே விற்பது இரண்டாவது. இப்போது நகரங்களில் 'கழுவிச் சுத்தம் செய்யப்பட்டது' என்று அச்சிட்ட அழகான பெட்டிகளில் முட்டை வருகிறது. அந்தப் பெட்டி பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் சாதாரண அலமாரியில் இருப்பதைப் பல கடைகளில் பார்க்கிறேன். அதைச் சுத்தமான முட்டை என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். சாதாரண அட்டையில் இருக்கும் முட்டையைவிட அதற்குத்தான் குளிர் அவசியம். கழுவிய முட்டையைக் குளிர் அலமாரியில் வைக்காமல் விற்கக் கூடாது என்றும், கழுவியதா இல்லையா என்பதைப் பெட்டியில் எழுத வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்புத் துறை கட்டாயமாக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

வாங்குபவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாங்கி வந்தவுடன் முட்டையைக் கழுவிக் குளிர்பெட்டியில் அடுக்கும் பழக்கத்தை விடுங்கள். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் போட்டு உள்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு மாறும். ஒரு முறை உள்ளே வைத்ததை எடுத்து வெளியே வைத்துத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். கழுவ வேண்டுமென்று தோன்றினால் அடுப்பில் வைப்பதற்கு முன் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள், பிறகு கையையும் கழுவுங்கள். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பாட்டி வைத்தியம் வயதைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. அதையும் சமைக்கும் வேளையில் செய்யலாம்; பார்த்துவிட்டு எடுத்து வைக்கக் கூடாது. வேகவைத்த முட்டைக்கும் இதே கதைதான். பூச்சு போய்விட்டது, வெந்த முட்டை குளிர்ந்த நீரில் ஆறும்போது அந்த நீரை இழுக்கிறது. அதைக் குடிநீரில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பச்சை முட்டையைவிட வெந்த முட்டைதான் சீக்கிரம் கெடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

வளர்ப்பவர்களுக்கு வேலை சற்று அதிகம். முட்டை அழுக்காவது பெரும்பாலும் முட்டையிடும் பெட்டியில். ஐந்து கோழிக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும். உள்ளே காய்ந்த வைக்கோலோ நெல் உமியோ நான்கு விரல் உயரத்துக்குப் போட்டு, ஈரமானதை அன்றன்றே மாற்ற வேண்டும். இரவில் கோழிகள் பெட்டிக்குள் உறங்கினால் எச்சம் அங்கேயே சேரும். மாலையில் பெட்டியை மூடிவிட்டுப் படுக்க உயரத்தில் கம்பு கட்டிக் கொடுங்கள். முட்டையைக் காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை எடுங்கள். லேசான அழுக்கை உலர்ந்த துணியாலோ நைசான உப்புத்தாளாலோ அந்த இடத்தில் மட்டும் மெல்லத் தட்டி எடுக்கலாம். அழுத்தித் தேய்த்தால் அங்கே பூச்சும் போய்விடும். மிக அழுக்கானதையும் கீறல் விட்டதையும் விற்காமல் வீட்டில் அன்றே நன்றாக வேகவைத்துப் பயன்படுத்துங்கள்.

ஈரோட்டு அம்மாவிடம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எழுபது முட்டையில் உண்மையில் அழுக்கானவை பதினைந்துதான். அந்தப் பதினைந்துக்காக எழுபதையும் நனைத்துக்கொண்டிருந்தார். பெட்டிகள் ஒன்பதை முப்பத்தாறாகக் கூட்ட வேண்டியிருந்தது. பழைய தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்து அடித்துக் கொடுத்தார் அவர் கணவர். முதல் வாரம் கடைக்காரர் முகம் சுளித்தாராம், மங்கலாக இருக்கிறதே என்று. ஒரு தட்டைப் பத்து நாள் வைத்துப் பார்க்கும்படி அவரிடம் விட்டு வந்திருக்கிறார். மாத இறுதியில் போன் செய்தபோது திரும்பி வந்த முட்டை இரண்டு என்றார். ஒன்று கீறல், இன்னொன்றில் இரத்த வளையம். சேவல்களைத் தனியே பிரித்து விடட்டுமா என்று கேட்டார். விற்பனைக்கு மட்டும் என்றால் பிரித்துவிடுங்கள், அடை வைக்கவும் வேண்டுமென்றால் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்று ஒரு தனி மந்தை போதும் என்றேன். நீலத் தொட்டியில் இப்போது தீவனப் புல் முளைக்கிறது.